விடுபட்ட சொல் என்ன ஆனது? ஸ்பானிய நாளிதழ்த் தலைப்புகளின் இலக்கணம்

1975 நவம்பர் 20 அன்று அதிகாலை 5 மணிக்குச் சற்று முன்பு, ஸ்பெயின் நாட்டின் 'யூரோப்பா பிரெஸ்' செய்தி நிறுவனம் ஓர் அவசரச் செய்தியை அனுப்பியது. நாட்டை ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஆண்ட ஜெனரல் ஃபிராங்கோவின் மரணச் செய்தி அது. அதில் இருந்தது ஒரே வாக்கியம்தான், மூன்று முறை: "ஃபிராங்கோ ஆ முவேர்த்தோ, ஃபிராங்கோ ஆ முவேர்த்தோ, ஃபிராங்கோ ஆ முவேர்த்தோ." ஃபிராங்கோ இறந்துவிட்டார் என்று பொருள். எழுவாய், துணைவினை, வினை எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. ஒரு சொல்லும் குறைக்கப்படவில்லை.

இன்று ஸ்பெயினில் ஒரு தலைவரோ நடிகரோ இறந்தால் அந்த நாட்டு நாளிதழ்களில் இப்படி ஒரு தலைப்பு வருவது அரிது. 'முவேரே' என்று தொடங்கி, பிறகு பெயர் வரும். 'முவேரே' என்றால் 'இறக்கிறார்'. நேற்றே போய்விட்ட உயிரைப் பற்றி இன்று காலை 'இறக்கிறார்' என்று நிகழ்காலத்தில் எழுதுகிறார்கள். அதுவும் வினைச்சொல்லை முன்னால் வைத்து, ஆளைப் பின்னால் தள்ளி எழுதுகிறார்கள். ஸ்பானிய மொழி கற்கத் தொடங்கும் எவரையும் முதலில் தடுமாற வைப்பது இந்த இடம்தான். பாடப்புத்தகத்தில் படித்த இலக்கணம் ஒன்றாகவும், நாளிதழின் முதல் பக்கத்தில் இருக்கும் இலக்கணம் வேறாகவும் தெரியும். முதல் பக்கத்துக்கும் விதிகள் உண்டு. அந்த விதிகளின்படி எந்தச் சொல்லை எறிவது, எதை வைத்துக்கொள்வது என்பதில் ஸ்பெயினும் லத்தீன் அமெரிக்க நாடுகளும் வேறு வேறு வழிகளில் போயிருக்கின்றன. ஒரு சொல் விழும்போது அதனுடன் ஒரு தகவலும் விழுகிறது.

முதலில் இந்த நிகழ்காலத்தைப் பார்ப்போம். ஸ்பானிய மொழியில், பேச்சிலும் எழுத்திலும், முடிந்துபோன செயலைச் சொல்ல இரண்டு இறந்தகால வடிவங்கள் அருகருகே புழங்குகின்றன. 'ஆ முவேர்த்தோ' என்பது ஒன்று, 'முரியோ' என்பது இன்னொன்று. ஸ்பெயினின் பெரும்பகுதியில் இன்று நடந்ததற்கு முதல் வடிவம், நேற்றோ அதற்கு முன்போ நடந்ததற்கு இரண்டாவது வடிவம். ஃபிராங்கோ இறந்த அன்றே அனுப்பிய செய்தி 'ஆ முவேர்த்தோ' என்று இருந்ததற்குக் காரணம் இதுதான். அட்லாண்டிக்குக்கு அப்பால், அர்ஜென்டினாவிலும் மெக்சிகோவிலும் மற்றப் பல நாடுகளிலும், அரை மணி நேரத்துக்கு முன்பு நடந்ததற்கும் 'முரியோ' என்றுதான் சொல்வார்கள். ஆக, ஒரே செய்தியை இரண்டு கரைகளிலும் உள்ள வாசகர்களுக்கு இறந்தகாலத்தில் சொன்னால், யாராவது ஒருவர் காதுக்கு அது அந்நியமாக ஒலிக்கும். நிகழ்காலத்தில் சொன்னால் அந்தச் சிக்கல் இல்லை. 'முவேரே' என்பது மத்ரித்திலும் ஒன்றுதான், மெக்சிகோ நகரிலும் ஒன்றுதான். எடுத்துக்காட்டாக, 1939 முதல் இயங்கும் 'எஃபே' செய்தி நிறுவனம் இரு கரைகளுக்கும் செய்தி அனுப்புகிறது. அதற்கு இது எவ்வளவு வசதி என்று சொல்லத் தேவையில்லை. வடிவம் குறுகியது, எழுத்து குறைவு, நடப்பதைக் கண்முன் காட்டும் வேகமும் உண்டு.

ஆனால் எல்லோரும் இதை ஏற்றுக்கொண்டுவிடவில்லை. 2020 நவம்பர் 25 அன்று கால்பந்து வீரர் மரடோனா இறந்தபோது ஸ்பெயினின் தலைப்புகள் 'முவேரே' என்றன. அவருடைய சொந்த நாடான அர்ஜென்டினாவின் 'கிளரின்' நாளிதழ் 'முரியோ தியேகோ மரடோனா' என்றது. இறந்தார், முடிந்தது. அர்ஜென்டினாவில் மக்கள் வாயில் இருக்கும் வடிவம் 'முரியோ'தான். மரணம் போன்ற பெரிய செய்தியில் அங்குள்ள ஆசிரியர்கள் பேச்சு வழக்கை விட்டுக்கொடுப்பதில்லை. எனக்கு இந்த இரண்டில் அர்ஜென்டினாவின் வழிதான் நேர்மையாகப் படுகிறது. துக்கச் செய்தியை வீட்டுக்கு வந்து சொல்பவர் 'இறக்கிறார்' என்று சொல்லமாட்டார்.

நிகழ்காலத்தைப் பழகிய ஸ்பெயின் நாளிதழிலும் இறந்தகாலம் அடியோடு ஒழிந்துவிடவில்லை. அதற்கென்று தனி வேலை ஒதுக்கியிருக்கிறார்கள். 'நகரத் தந்தை கமிஷன் வாங்கினாரா என்று நீதிபதி விசாரிக்கிறார்' என்ற பொருளில் ஒரு தலைப்பு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நேற்று நடந்தது விசாரணை. அது நிகழ்காலத்தில் இருக்கும். கமிஷன் வாங்கியதாகச் சொல்லப்படுவது பல ஆண்டுகளுக்கு முந்தைய சங்கதி. அது இறந்தகாலத்தில் இருக்கும். ஆகவே தலைப்பில் நிகழ்காலம் வந்தால் 'இது புதுச் செய்தி' என்று பொருள். இறந்தகாலம் வந்தால் 'இது பழைய சம்பவம், இப்போதுதான் வெளியே வந்திருக்கிறது' என்று பொருள். வினையின் காலம் இங்கே கடிகாரத்தைக் காட்டுவதில்லை. எது செய்தி, எது பின்னணி என்பதைப் பிரித்துக் காட்டுகிறது. இதைப் புரிந்துகொண்டவருக்கு ஸ்பானிய நாளிதழ் பாதி வசப்பட்டுவிடும்.

இந்த முறைக்கு ஒரு பலவீனமும் உண்டு. அச்சிட்ட தாளில் மேலே தேதி இருக்கும். நேற்றைய தாள் இன்று பழையது. வாட்ஸ்அப்பில் வந்து விழும் தலைப்பின்மீது அப்படிக் கண்ணில் படும்படி தேதி இருப்பதில்லை. 'முவேரே' என்று தொடங்கும் ஐந்தாண்டுப் பழைய தலைப்பு ஒன்று திடீரென்று மீண்டும் சுற்றத் தொடங்கினால், அந்த மனிதர் இப்போதுதான் இறந்தார் என்று பலரும் நம்பிவிடுகிறார்கள். 'முரியோ' என்று இருந்தாலும் இதே குழப்பம் வரலாம் என்றாலும், நிகழ்காலம் அதைக் கூடுதலாகத் தூண்டுகிறது.

இன்னொரு தடுமாற்றமும் உண்டு. ஸ்பானிய மொழியில், தமிழில் போலவே, வினைச்சொல்லே எழுவாயைக் காட்டிவிடும். 'அவர்' என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. அத்துடன், நெருக்கமானவரிடம் சொல்லும் ஏவல் வடிவமும் படர்க்கை நிகழ்கால வடிவமும் பெரும்பாலான வினைகளில் ஒன்றேதான். 'கானா உன் கோச்சே' என்று ஒரு வரியைப் பார்த்தால் 'ஒரு கார் வெல்கிறார்' என்றும் படிக்கலாம், 'ஒரு காரை வெல்' என்றும் படிக்கலாம். முதலாவது செய்தி, இரண்டாவது விளம்பரம். பக்கத்தில் அது எங்கே இருக்கிறது என்பதை வைத்துத்தான் ஸ்பானியர்கள் பிரித்தறிகிறார்கள்.

இனி, சொற்கள் எங்கே விழுகின்றன என்று பார்ப்போம். ஸ்பெயினில் ரயில் பாதையோரத் தாமிரக் கம்பியைத் திருடுவது பெரிய தொல்லை. 2025 மே மாதத் தொடக்கத்தில் தொலேதோ மாகாணத்தில் இப்படி நடந்த திருட்டால் மத்ரித்–செவீயா அதிவேக ரயில்கள் நின்று, ஆயிரக்கணக்கான பயணிகள் தவித்தார்கள். இந்தச் சூழலை வைத்து நாமே ஒரு சிறிய செய்தியைக் கற்பனை செய்துகொள்வோம். செவீயா நகரத்தின் ஓரத்தில், செவ்வாய்க்கிழமை விடியற்காலையில், தாமிரக் கம்பியைத் திருடிய ஓர் ஆளைப் போலீஸ் பிடிக்கிறது. இதற்குத் தலைப்பு வேண்டும்.

முழு வாக்கியமாக எழுதினால் 'நேற்று விடியற்காலையில் செவீயாவில் தாமிரம் திருடியதற்காக ஓர் ஆள் போலீசாரால் கைது செய்யப்பட்டிருக்கிறார்' என்று வரும். மத்ரித் ஆசிரியர் முதலில் 'நேற்று விடியற்காலையில்' என்பதை எடுத்துவிடுவார். தலைப்பின் வினை வடிவமே புதுச் செய்தி என்று சொல்லிவிடுகிறது. அடுத்து, 'போலீசாரால்' என்பதையும் எடுத்துவிடுவார். கைது செய்வது போலீஸ்தான் என்று எல்லோருக்கும் தெரியும். பிறகு 'செய்யப்பட்டிருக்கிறார்' என்பதற்குரிய இரண்டு துணைவினைகளையும் வெட்டுவார். மிஞ்சுவது 'தெத்தெனீதோ' என்ற எச்சம் மட்டும். அதைத் தூக்கி முன்னால் வைத்தால், 'தெத்தெனீதோ உன் ஓம்ப்ரே என் செவீயா போர் ரொபார் கோப்ரே' என்று தலைப்பு முடிந்துவிடும். கைதானார் ஓர் ஆள், செவீயாவில், தாமிரம் திருடியதற்கு. அதில் 'உன்' என்ற சொல்லைக் கவனியுங்கள். 'ஓர்' என்று பொருள் தரும் அந்த ஆர்ட்டிகிளை மத்ரித் ஆசிரியர் தொடவில்லை. துணைவினைகள் போய்விட்டன, ஆர்ட்டிகிள் நிற்கிறது.

இதே சம்பவம் சிலி நாட்டில் நடந்திருந்தால்? அங்கே போலீசுக்குப் பெயர் 'கராபினேரோஸ்'. தலைப்பு இப்படி வரும்: 'கராபினேரோஸ் தெத்தியேனே ஆ ஓம்ப்ரே போர் ரோபோ தே காப்லேஸ்'. கராபினேரோஸ் கைது செய்கிறது ஆளை, கம்பித் திருட்டுக்காக. துணைவினைக்கு வேலையே இல்லாத நேர் வினை இருக்கிறது. ஆனால் 'ஓம்ப்ரே'வுக்கு முன்னால் ஆர்ட்டிகிள் காணோம். 'கராபினேரோஸ்' என்பதற்கு முன்னாலும் இல்லை. அந்தச் சொல் வடிவத்தில் பன்மை, வினை மட்டும் ஒருமை. இலக்கண ஆசிரியர் பார்த்தால் நெற்றியைச் சுருக்குவார், ஆனால் சிலியில் இது பிழையில்லை. ஆர்ட்டிகிளை எடுத்துவிட்டதால் அந்தப் படை ஒரு தனி ஆளின் பெயரைப் போல் ஆகிவிட்டது. தனி ஒருவருக்கு ஒருமை வினைதானே பொருந்தும்? 'கோபியெர்னோ அனுன்சியா மெதீதாஸ்', அதாவது 'அரசு நடவடிக்கைகளை அறிவிக்கிறது' என்று கொலம்பியாவிலும் பெருவிலும் மெக்சிகோவிலும் அன்றாடம் வருவதும் இதே வழியில்தான். ஸ்பெயினில் அது 'எல் கோபியெர்னோ' என்று ஆர்ட்டிகிளோடுதான் வரும். அர்ஜென்டினாவின் பெரிய நாளிதழ்களும் பெரும்பாலும் ஸ்பெயினின் பக்கமே நிற்கின்றன. ஆகவே இதை அட்லாண்டிக்கின் இரு கரைகள் என்று நேர்க்கோடு போட்டுப் பிரித்துவிட முடியாது.

தமிழ் வாசகருக்கு இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். 'அரசு அறிவிப்பு', 'போலீசார் விசாரணை' என்று நாம் ஆர்ட்டிகிளே இல்லாத மொழியில் எழுதிப் பழகியவர்கள். ஸ்பானிய மொழியிலோ இந்த விதி கடுமையானது. ஒருமைப் பெயர்ச்சொல் ஒன்று வினைக்கு முன்னால் எழுவாயாக வந்தால், அதற்கு முன் ஆர்ட்டிகிளோ 'இந்த', 'என்' போன்ற வேறொரு சொல்லோ இருந்தே ஆகவேண்டும். 'ஓம்ப்ரே வந்தார்' என்று வீட்டில் யாராவது பேசினால், மொழி தெரியாதவர் என்று நினைப்பார்கள். தலைப்பு இந்த விதியை மீறுவதற்குத் தனி அனுமதி பெற்ற இடம். தந்தி காலத்தில் சொல்லுக்குச் சொல் காசு கொடுத்ததால் வந்த வழக்கம் என்று சிலர் சொல்வார்கள். ஆர்ட்டிகிளைச் சர்வசாதாரணமாக எறியும் ஆங்கிலத் தலைப்புகளைப் பார்த்து வந்தது என்று சிலர் சொல்வார்கள். ஸ்பெயினின் மொழிக் காவலர்களுக்கு இது பிடிப்பதில்லை. பத்திரிகை மொழியைப் பற்றிப் பல ஆண்டுகள் பத்தி எழுதி, ஸ்பானிய மொழி அகாதெமியின் தலைவராகவும் இருந்த ஃபெர்னாந்தோ லாசரோ கர்ரெத்தேர் போன்றவர்களின் மரபு அங்கே வலுவாக இருக்கிறது. 2005-இல் தொடங்கிய 'ஃபுந்தேயு' என்ற அமைப்பு அன்றாடம் செய்தியாளர்களுக்கு மொழி யோசனை சொல்லி வருகிறது.

எனக்கு முக்கியமாகத் தோன்றுவது அழகு சம்பந்தப்பட்ட வாதம் இல்லை, தகவல் சம்பந்தப்பட்டது. நம் தாமிரத் திருட்டு வழக்கை இன்னும் இரண்டு நாள் தொடர்ந்து பாருங்கள். முதல் நாள் 'உன் ஓம்ப்ரே', யாரோ ஓர் ஆள். இரண்டாம் நாள் நீதிபதி அவரைச் சிறைக்கு அனுப்பினால், தலைப்பு 'எல் தெத்தெனீதோ' என்று, அதாவது 'அந்தக் கைதானவர்' என்று தொடங்கும். நேற்று நாம் சொன்னோமே, அவர்தான் என்று பொருள். இன்னோர் ஆளும் பிடிபட்டால் மறுபடியும் 'உன்' வரும். ஆக 'உன்', 'எல்' என்ற இரண்டு குட்டிச் சொற்களை வைத்தே, செய்தி புதியதா தொடர்ச்சியா என்று வாசகர் கண்டுபிடித்துவிடலாம். ஆர்ட்டிகிள் இல்லாத தலைப்பில் 'ஓம்ப்ரே' என்று மட்டும் இருந்தால், இது நேற்றைய ஆளா வேறோர் ஆளா என்பது உள்ளே போய்ப் படித்தால்தான் தெரியும்.

எதை எறிந்தாலும் எறிய முடியாத ஒரு சொல்லும் அந்த மொழியில் உண்டு. மெக்சிகோவின் 'ரெஃபோர்மா' நாளிதழ் 1993-இல் தொடங்கியது. வினையை முதலில் வைத்து, ஆர்ட்டிகிளையும் எறிந்துவிட்டு எழுதும் நடைக்கு அது பேர்போனது. அந்தப் பாணியில் ஒரு விபத்துத் தலைப்பு இப்படி இருக்கும்: 'அர்ரோயா த்ரென் ஆ ஹோவென்'. சொல்லுக்குச் சொல் பார்த்தால், 'மோதுகிறது, ரயில், ஆ, இளைஞர்'. ரயில் இளைஞரை மோதியது. எழுவாயும் செயப்படுபொருளும் இரண்டும் வினைக்குப் பின்னால் வந்து, இரண்டுமே ஆர்ட்டிகிள் இல்லாமல் நிற்கின்றன. யார் யாரை என்று எப்படித் தெரிகிறது? நடுவில் இருக்கும் 'ஆ' என்ற ஓரெழுத்துதான் காட்டிக்கொடுக்கிறது. நம் 'ஐ' வேற்றுமை உருபு செய்யும் வேலையை மனிதர்களைச் சொல்லும்போது அது செய்கிறது. 'தொலூக்கா அணி அமெரிக்கா அணியை வென்றது' என்ற விளையாட்டுச் செய்தியிலும் அதுவே தோற்றவரைக் காட்டும். அதையும் வெட்டினால் வென்றவர் யார், தோற்றவர் யார் என்பதே போய்விடும். எவ்வளவு இடநெருக்கடி இருந்தாலும் அந்த ஓரெழுத்தை யாரும் வெட்டுவதில்லை.

வினையையே வெட்டிவிடும் தலைப்புகளும் உண்டு. அதற்கு ஸ்பானியர்கள் கையாளும் கருவி ஒரு காற்புள்ளி. இதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த எடுத்துக்காட்டு 1981 பிப்ரவரி 23 இரவு வந்தது. அன்று மாலை லெப்டினன்ட் கர்னல் அந்தோனியோ தெஹேரோ, ஆயுதம் தாங்கிய சிவில் காவல் படையினருடன் நாடாளுமன்றத்துக்குள் புகுந்து உறுப்பினர்களைச் சிறைபிடித்தார். ஜனநாயகம் திரும்பிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த நாடு அது. மன்னர் ஹுவான் கார்லோஸ் தொலைக்காட்சியில் தோன்றிப் பேசியது நள்ளிரவு ஒரு மணிக்கு மேல்தான். அதற்குப் பல மணி நேரம் முன்பே, 1976-இல்தான் தொடங்கியிருந்த 'எல் பாயிஸ்' நாளிதழ் ஒரு சிறப்புப் பதிப்பைத் தெருவுக்குக் கொண்டு வந்துவிட்டது. அதன் தலைப்பு: 'கோல்பே தே எஸ்தாதோ. எல் பாயிஸ், கோன் லா கோன்ஸ்தித்தூசியோன்'. ஆட்சிக் கவிழ்ப்பு. எல் பாயிஸ், அரசியல் சாசனத்தோடு.

அதில் ஒரு வினைச்சொல்லும் இல்லை. 'எல் பாயிஸ்' என்ற பெயருக்குப் பின் வரும் காற்புள்ளிதான் 'நிற்கிறது' என்ற வினையின் இடத்தில் இருக்கிறது. 'எல் பாயிஸ்' என்றால் 'நாடு' என்றும் பொருள். காதால் கேட்பவருக்கு, நாளிதழும் நாடும் சேர்ந்து அரசியல் சாசனத்தின் பக்கம் நிற்பதாகவே ஒலிக்கும். ராணுவ டாங்கிகள் வலேன்சியா நகரத் தெருக்களில் இறங்கியிருந்த வேளையில், முடிவு எப்படிப் போகும் என்று யாருக்கும் தெரியாதபோது அச்சான வரி அது. அந்தக் காற்புள்ளி இன்றும் ஸ்பானியத் தலைப்புகளில் அன்றாட வேலை செய்கிறது. நம் தாமிரத் திருடரின் இரண்டாம் நாள் தலைப்பு 'எல் தெத்தெனீதோ, ஆ பிரிசியோன்' என்று வரலாம். கைதானவர், சிறைக்கு. அனுப்பியது யார் என்பதும் அனுப்பும் வினையும் காற்புள்ளிக்குள் அடங்கிவிடும்.

இதுவரை சொன்னதெல்லாம் இடத்தைச் சுருக்கும் வழிகள். பொறுப்பைச் சுருக்கும் வழி ஒன்றும் இருக்கிறது. 'அப்ரீயா' என்ற துணைவினையைப் போட்டு, 'எல் மினிஸ்த்ரோ அப்ரீயா ரெசிபீதோ தினேரோ' என்று எழுதினால், 'அமைச்சர் பணம் வாங்கினாராம்' என்று கிட்டத்தட்ட நம் 'ஆம்' விகுதியின் பொருள் வந்துவிடும். சொன்னது யார் என்று சொல்லவேண்டியதில்லை. உண்மை என்று உறுதி தரவும் வேண்டியதில்லை. ஸ்பானிய இலக்கண நூல்கள் இதற்கு 'வதந்தி வடிவம்' என்றே பெயர் வைத்திருக்கின்றன. பிரெஞ்சு மொழியிலிருந்து புகுந்தது என்று அதைக் குறை சொல்வார்கள். 'எல் பாயிஸ்' நாளிதழின் நடைக் கையேடு இதற்குத் தடை போட்டிருக்கிறது. லத்தீன் அமெரிக்கச் செய்திகளில் இது சர்வசாதாரணம். தடை விதித்தவர்களின் வாதம் எனக்குச் சரியாகவே படுகிறது: செய்தியாளருக்குத் தெரிந்திருந்தால் யார் சொன்னது என்று எழுதலாம், தெரியாவிட்டால் அச்சிடாமல் இருக்கலாம். அரசு வழக்குத் தொடுநர் அலுவலகத்தின்படி என்று இரண்டு சொல் கூட்டினால் தலைப்பு நீளும், ஆனால் வாசகருக்கு எடைபோட ஒன்று கிடைக்கும்.

சுருக்கம் மிகவும் கனமாக விழும் இடம் பெண்கள் கொல்லப்படும் செய்திகள். 1997 டிசம்பரில் அனா ஒராந்தேஸ் என்ற பெண்மணி அந்தலூசியாவின் 'கனால் சூர்' தொலைக்காட்சியில் வந்து, கணவர் தன்னைப் பல பத்தாண்டுகள் அடித்து வதைத்ததை விவரித்தார். இரண்டு வாரத்துக்குள், விவாகரத்துக்குப் பின்பும் அதே வீட்டின் இன்னொரு தளத்தில் குடியிருந்த அந்த முன்னாள் கணவர் அவரை எரித்துக் கொன்றார். நாடே அதிர்ந்தது. 2004-இல் இதற்கெனத் தனிச் சட்டம் வந்தது. கணவராலோ துணைவராலோ, முன்னாள் துணைவராலோ கொல்லப்படும் பெண்களின் அதிகாரபூர்வக் கணக்கு 2003-இலிருந்து வைக்கப்படுகிறது. அது 1,200-ஐ எப்போதோ தாண்டிவிட்டது. அதற்கு முந்தைய காலத்தில் இப்படிப்பட்ட கொலையைக் 'காதல் வெறிக் கொலை' என்ற வகையில் எழுதிவிட்டுப் போவது பத்திரிகைகளின் பழக்கமாக இருந்தது. அந்தச் சொல் வழக்கொழிந்த பிறகும், தலைப்பின் வினை மாற மேலும் காலம் பிடித்தது.

'முவேரே ஊனா முஹேர்' என்று ஒரு தலைப்பு தொடங்கினால், 'இறக்கிறார் ஒரு பெண்' என்று பொருள். இறப்பதற்கு யாரும் எதுவும் செய்யவேண்டியதில்லை. காய்ச்சலில் இறந்தாலும் இதே வினைதான், கத்திக்குத்தில் இறந்தாலும் இதே வினைதான். 'உன் ஓம்ப்ரே மாத்தா ஆ சு முஹேர்', 'ஓர் ஆள் தன் மனைவியைக் கொல்கிறார்' என்று எழுதினால் செய்தவர் முன்னால் வந்து நிற்கிறார். செய்யப்பட்டவரை 'ஆ' சுட்டிக்காட்டுகிறது. அதிகபட்சம் மூன்று சிறு சொற்கள்தான் கூடுதல். ஸ்பெயினின் பெண் பத்திரிகையாளர்கள் பல ஆண்டுகளாகப் போராடியது இந்த மூன்று சொற்களுக்காகத்தான். 'முவேரே' மட்டும் இல்லை, 'இறந்து கிடக்கக் காணப்பட்டார்' என்ற தொடரையும் அவர்கள் எதிர்த்தார்கள். உடல் தானாகத் தோன்றியதுபோல் அது ஒலிக்கிறது.

இங்கே ஆசிரியர் மேசையில் உண்மையான சிக்கல் ஒன்று இருப்பதையும் மறைக்கக்கூடாது. முதல் இரண்டு மணி நேரத்தில் கொலையா, தற்கொலையா, விபத்தா என்று போலீசுக்கே தெரியாமல் இருக்கலாம். தீர்ப்பு வரும்வரை எவரும் நிரபராதி என்று 1978-ஆம் ஆண்டு அரசியல் சாசனத்தின் 24-ஆவது பிரிவு சொல்கிறது. ஸ்பானியத் தண்டனைச் சட்டத்தில் சாதாரணக் கொலை வேறு, எதிர்க்க வழியில்லாதபடி வஞ்சகமாகவோ கொடூரமாகவோ செய்த கொலை வேறு. இரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. இரண்டாவதைச் சொல்லும் 'அசெசினார்' என்ற வினையை நீதிமன்றம் முடிவு செய்வதற்கு முன்பு தலைப்பில் போட வழக்கறிஞர்கள் தயங்குவார்கள். ஆகவே ஒன்றும் தெரியாத அந்த முதல் மணி நேரங்களில் 'முவேரே' என்று எழுதுவதில் தவறில்லை. ஆள் கைதானதும் 'தெத்தெனீதோ உன் ஓம்ப்ரே' என்று தொடங்கி, 'மனைவியைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட' என்பதைச் சேர்க்கலாம். அதில் சட்டமும் காப்பாற்றப்படும், செய்தவர் இருக்கிறார் என்பதும் தெரியும்.

போலீஸ் கணவரைப் பிடித்து, அவரும் ஒப்புக்கொண்ட பிறகு மறுநாள் தாளிலும் 'முவேரே' என்றே வந்தால், அது இடநெருக்கடியால் வந்த சுருக்கம் என்று சொல்ல முடியாது. அந்தத் தலைப்பை எழுதியவர் தவறு செய்திருக்கிறார். மறுபதிப்பில் அதைத் திருத்த வேண்டும்.